மனைவி அழுதது சரி, கடைசி வேலை நாள் எங்கே?

கேள்வி: நூற்பாலை ஆபீஸில் 17 வருடமாக கிளார்க். நவம்பர் 10-ம் தேதி ராஜினாமா கொடுக்கப் போகிறேன். ஒரு மாத நோட்டீஸ். கடிதத்தை ஏ.ஐ. செயலியில் எழுதி வாங்கினேன். வறட்சியாக இருந்தது. 'உருக்கமாக, என் சர்வீஸைப் பற்றி விவரமாக' மாற்றித் தரச் சொன்னேன். இரண்டாவதைப் படித்துவிட்டு என் மனைவி அழுதேவிட்டாள். இதைக் கொடுப்பது நேர்மைக் குறைவா? இரண்டையும், என் சர்வீஸ் விவரத்தையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ராஜபாளையம்

பதில்: நேர்மைக்கு என்ன குறைச்சல்? தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கீழே யார் கையெழுத்துப் போடுகிறாரோ, கடிதம் அவருடையது. எழுதிய வரிக்குப் பொறுப்பும் அவருடையதுதான். என் கவலை வேறு. உங்களுக்கு உருக்கம் எதற்கு?

பிரிவு உபசார விழாக்களின் மீது எனக்குள்ள கோபம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத சூப்பிரண்டு அன்றைக்கு மைக்கைப் பிடித்து, 'இவர் இல்லாமல் இந்த ஆபீஸை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை' என்பார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். நடுவில் அந்தப் பொன்னாடை. விசிறக்கூட உதவாத, துவைத்தால் சாயம் போகிற பாலியஸ்டர். வாங்கியவர் அதை மடித்து வைத்து அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்துவார். எங்கள் தெருவில் ஒரு பொன்னாடை மூன்று பேரை ஓய்வுபெற வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு நல்ல துண்டு கொடுங்கள், குளித்துவிட்டுத் துவட்டவாவது ஆகும் என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதினேன். ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்திவிட்டார். இப்போது அதே முகவரிக்கு அவருடைய மனைவி பெயரில் இதழ் போகிறது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது வடிவத்தின் மூன்றாவது பத்தியை எடுத்துக்கொள்வோம். '2014-ல் விபத்தில் சிக்கிப் பணியிலிருந்து விலகி நின்ற என்னை, நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொண்ட நிர்வாகத்தின் பெருந்தன்மையை என் உயிருள்ளவரை மறவேன்.' உங்கள் மனைவி அழுத இடம் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் விவரத் தாளில் என்ன இருக்கிறது? பைக்கில் விழுந்து கால் முறிந்தது, டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து லீவு எடுத்தது, அக்டோபரில் வேலைக்குத் திரும்பியது. அவ்வளவுதான். நீங்கள் விலகவும் இல்லை, அவர்கள் மீண்டும் சேர்க்கவும் இல்லை. செயலியிடம் 'நாலு மாசம் போகலை, அப்புறம் சேர்ந்துட்டேன்' என்று சொல்லியிருப்பீர்கள். உருக்கம் கேட்டீர்கள் அல்லவா? விழுந்தவன் ஒருவன், தூக்கிவிட ஒரு கை என்று அது கதை கட்டிவிட்டது.

இந்தக் கதைக்கு ஒரு விலை இருக்கிறது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் அவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. 1972-ம் வருஷச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போனாலும், உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு அடிப்படைக் கணக்கு அதேதான். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷங்களால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 700. பதினைந்து நாளைக்கு 10,500. உங்கள் ஒவ்வொரு வருஷத்துக்கும் இதுதான் மதிப்பு.

உடம்பு முடியாமல் எடுத்த லீவு இந்தத் தொடர்ச்சியை அறுக்காது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 'விலகி நின்றேன், மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கணக்குப் பிரிவில் இருக்கும் கெட்டிக்காரர் என்ன செய்வார்? 2014 அக்டோபரிலிருந்து புது நியமனம் என்று வைத்து எண்ணத் தொடங்குவார். பதினோரு வருஷம், 1,15,500 ரூபாய். 2008 ஜூனிலிருந்து எண்ணினால் பதினேழு வருஷத்துக்கு 1,78,500. மெடிக்கல் சர்டிபிகேட், வருகைப் பதிவேடு, பி.எஃப். சீட்டு எல்லாம் காட்டித் தொழிலாளர் துறையில் வாதாடி வித்தியாசத்தை வாங்கிவிடலாம். வாங்குவதற்குள் எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்பதுதான் கேள்வி. எதிர்த்தரப்பு நீட்டப் போகும் முதல் காகிதம் உங்கள் மனைவி அழுத அதே கடிதம்.

இதை ஏதோ பயமுறுத்தலாக நினைக்க வேண்டாம். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. விருப்ப ஓய்வு என்று எழுதினால் ஓய்வூதியம். ராஜினாமா என்று எழுதினால் அதுவரை பார்த்த சர்வீஸ் முழுவதும் போய்விடும், விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தகுதி வேறு, நோட்டீஸ் வேறு, விண்ணப்பமும் வேறு. டெல்லி மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒருவர் 1990-ல் ராஜினாமா கொடுத்தார். இருபது வருஷ சர்வீஸ் இருக்கிறது, இதை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிற்பாடு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் முடியாது என்றுவிட்டது. அரசு ஊழியர் ஒருவர் செயலியிடம் 'வேலையை விடுகிறேன், கடிதம் கொடு' என்று மட்டும் கேட்டால், அது ராஜினாமாதான் எழுதும். நீங்கள் இருபது வருஷம் முடித்தவரா என்று விசாரிக்க அதற்கு என்ன அக்கறை?

உங்கள் கடிதத்தில் இன்னும் இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன. 'நிறுவனத்தின் டிஜிட்டல் மாற்றத்தில் முக்கியப் பங்காற்றியதைப் பெருமையாகக் கருதுகிறேன்.' உங்கள் தாளில் டிஜிட்டலும் இல்லை, பங்கும் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நூல் மூட்டை ஏற்றிய லாரி கேட்டில் நிற்க, பழைய பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் புது பில்லை எப்படிப் போடுவது என்று ஆடிட்டர் ஆபீஸுக்கு போன் மேல் போன் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடையது. அந்த டிஜிட்டல் வரி ஊரில் எல்லோருடையதும். ஒரு வரியைப் பிடுங்கி ஓட்டுத் தொழிற்சாலை கிளார்க் ஒருவரின் கடிதத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அதை அடித்துவிடலாம்.

இன்னொரு வரி, 'எனக்கு உரிய அனைத்தையும் நிர்வாகம் மனநிறைவோடு வழங்கியுள்ளது.' வழங்கிவிட்டதா? இனிமேல்தானே வழங்க வேண்டும்? கிராஜுவிட்டி உரிமையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாது. ஆனால் லீவு சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசப் போகும் நாளில் இந்த மனநிறைவை எடுத்துக் காட்டுவார்கள்.

இவ்வளவு விவரம் சேர்த்த இடத்தில் மிக முக்கியமான விவரத்தைக் காணோம். முதல் வடிவத்தில் கடைசி வேலை நாளுக்குச் சதுர அடைப்புக்குறி போட்டு இடம் விட்டிருந்தது. உருக்கமானதும் அந்த இடமே மறைந்துவிட்டது. 'கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன்' என்று இருக்கிறது. எந்தத் தேதியில் விடைபெறுகிறீர்கள்?

நீங்கள் சேர்ந்தது 12.6.2008. நவம்பர் 10-ல் கடிதம் கொடுத்தால் ஒரு மாத நோட்டீஸ் டிசம்பர் 10-ஓடு முடிந்துவிடும். கிராஜுவிட்டி கணக்கில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருஷமாக எண்ணப்படும். டிசம்பர் 10-ல் உங்களுக்குப் பதினேழரை வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. துண்டு விழுந்துவிடும், பதினேழுதான். டிசம்பர் 12-ஐத் தாண்டினால் பதினெட்டு. இன்னொரு 10,500 ரூபாய். ஆகவே நவம்பர் 28 வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள். அன்றைக்குக் கொடுத்து, டிசம்பர் 31-ல் விடுவிக்கக் கேளுங்கள். பதினெட்டு வருஷத்துக்கு 1,89,000. இதைச் செயலி சொல்லவில்லை என்று அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், நீங்கள் கேட்டது வேறு.

கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். அழ வைக்காது.

'ஐயா, 12.6.2008 முதல் தங்கள் ஆலையின் டெஸ்பாட்ச் பிரிவில் எழுத்தராகத் தொடர்ந்து பணிபுரிந்து வருகிறேன். சொந்தக் காரணங்களால் பணியை ராஜினாமா செய்கிறேன். இக்கடிதத்தையே நோட்டீஸாக ஏற்று, 31.12.2025 அன்று பணி நேரம் முடிந்ததும் என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் முதலியவற்றைக் கணக்கிட்டு வழங்கி, பணிச் சான்றிதழும் தர வேண்டுகிறேன். இப்படிக்கு.'

இதில் 'தொடர்ந்து' என்ற சொல்லைச் செயலியிடமோ மைத்துனரிடமோ காட்டி நீக்கிவிடாதீர்கள். நன்றி சொல்ல ஆசையாக இருந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. லாரி கதையைப் பிரிவு உபசாரத்தில் சொல்லுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்க அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியாக அதே டிசம்பர் 31 ஏறியிருக்கிறதா என்று பிறகு பார்க்க வேண்டும். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று சொல்லியிருப்பேன். அதையும் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் நம்பிய ஒரு பெயரை எடுப்பதற்கு முன்னால் யாரையாவது கேட்டார்களா? இதைப் பற்றி மூன்று இதழாக எழுதுகிறேன், தபால் இலாகாவிலிருந்து ஒரு போஸ்ட் கார்டுகூட வரவில்லை. போகட்டும். ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு அதற்கான கட்டணத்தையும் கட்டிவிடுங்கள்.