பஃபே காலை உணவில் எதை எடுப்பது?

"கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 168. நான்கு நாள் கோவையில் ஹோட்டல் வாசம். பஃபேயில் முட்டையை மட்டும் விட்டால் போதுமா?"

போதாது. எல்டிஎல்லைக் கூடுதலாக உயர்த்துவது முட்டையில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே என்பதால், உங்கள் கவனம் முதலில் வெண்பொங்கலின் மீது இருக்க வேண்டும். கரண்டி வைத்த இடத்தில் நெய் தேங்கி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே ஏறத்தாழ 8 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. வெண்ணெய் மடித்துச் சுட்ட குரோசாண்டும் அதே வகைதான்.

நான் எடுப்பது மூன்று இட்லி, இரண்டு கிண்ணம் சாம்பார். தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லையென்றாலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால், வெள்ளைச் சட்னிக்குப் பதில் தக்காளிச் சட்னியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் தேங்காய் அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. ஓட்ஸ் கஞ்சி இருந்தால் இட்லியில் ஒன்றைக் குறைத்து ஒரு கிண்ணம் எடுக்கலாம், ஏனெனில் அதிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லைச் சற்றுக் குறைக்கும். ஆனால் அதைப் பாலாடையோடு காய்ச்சியிருந்தால் பயன் குறைந்துவிடும்.

முட்டை வேண்டுமென்றால் ஆம்லெட் போடுபவரிடம் வெள்ளைக்கருவில் மட்டும், வெண்ணெய் இல்லாமல், சிறிது எண்ணெயில் போடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கல்லில் வெண்ணெய்தான் விழும். மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் பயணத்திலும் அதை விடாதீர்கள்.