காய்ச்சல் வலிப்பு: கரண்டி வேண்டாம், கடிகாரம் போதும்

"ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. பல் கிட்டியதால் வாயில் கரண்டி வைத்தோம். மறுபடி வந்தால்?"

வலிப்பில் யாரும் நாக்கை விழுங்குவதில்லை. கரண்டியால் உடைந்த பல்தான் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். முதலில் மணியைப் பாருங்கள். பிறகு குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சிலும் வாந்தியும் கடைவாய் வழியே வடிய விட்டு, கைகால்களை அழுத்திப் பிடிக்காமல் அருகிலேயே இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். 5 நிமிடம் தாண்டினாலோ, அடங்கி மீண்டும் வந்தாலோ, அடங்கிய பிறகும் உதடு நீலமாகவே இருந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பு அடங்கியபின் குழந்தை சிறிது நேரம் அயர்ந்து தூங்குவது இயல்பு; நன்றாக விழிக்கும்வரை தண்ணீரோ மருந்தோ புகட்டாதீர்கள். பாராசிட்டமால் காய்ச்சலின் அசதியைத்தான் குறைக்கும், அடுத்த வலிப்பைத் தடுக்காது (பெற்றோர் பலரும் நம்பத் தயங்குவது இதைத்தான்). முதல் வலிப்புக்கு மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லையென்றால், இன்றே காட்டுங்கள்.