தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. ஜெர்மன் ஏ2 முடித்தாச்சு. பி1-க்குக் கேட்க, படிக்க, பேச, எழுத நான்கையும் எப்படிப் பழகுவது?

நான்கையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஏழு நிமிடத்தில் ஒரு மின்னஞ்சலை யோசிக்கக்கூட முடியாது. நாளுக்கு ஒரு திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரம் முழுக்க ஒரே ஒரு சின்னப் பகுதிதான். திறன் மாறும், பகுதி மாறாது. வேலை பார்த்துக்கொண்டே பி1-க்கு இப்படித்தான் படித்தேன்.

டாய்ச்ச வெல்ல தளத்தில் Langsam gesprochene Nachrichten என்று தேடினால் நிதானமாக வாசிக்கும் செய்திகள் எழுத்து வடிவத்தோடு கிடைக்கும். முழுசாகக் கேட்டால் பி1-க்கு அது கனம்தான். அதனால் ஒரு செய்தி மட்டும் போதும். அதுவும் கடினமாக இருந்தால் அதே தளத்தின் Nicos Weg தொடரில் பி1 பகுதியில் ஒரு காட்சி. இந்தத் தேர்வை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுங்கள். வார நாளில் தேட உட்கார்ந்தால் அரை மணி தேடலிலேயே போய்விடும்.

திங்கள் கேட்பது. எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். செவ்வாய் அதன் எழுத்து வடிவத்தைத் திறந்து நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வாரத்தின் முக்கியமான நாள் இதுதான். விட்டுப்போன ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி: இந்தச் சொல் எனக்குத் தெரியாததா, இல்லை தெரிந்தும் காதில் விழவில்லையா? தெரியாதது என்றால் அட்டையில் எழுதிப் படிக்கலாம். தெரிந்ததே விழவில்லை என்றால் அட்டை உதவாது. அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு, கூடவே சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். 'வேலைநிறுத்தத்தால் இன்று பல ரயில்கள் ரத்து' என்று ஒரு செய்தி. ரத்தாவதற்கு ஜெர்மனில் 'அவுஸ்ஃபாலன்'. சாதாரண வாக்கியத்தில் இந்த வினை இரண்டாகப் பிரியும்: 'ஃபாலன்' இரண்டாம் இடத்தில் நிற்கும், 'அவுஸ்' வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். திங்களன்று நிறைய பேர் அந்த 'அவுஸ்' இல்லாமல்தான் எழுதுவார்கள். அப்படியே அர்த்தம் எடுத்தால் ரயில்கள் கீழே விழுகின்றன! செவ்வாயன்று அதைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள்.

புதன் பேச்சு. எழுத்தை மூடிவிட்டு, செய்தியை நண்பருக்குச் சொல்வதுபோல ஃபோனில் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். கேட்டுப் பார்த்து, மறுபடி ஒரு தடவை பதியுங்கள். 'அவுஸ்' கடைசியில் வந்ததா என்று மட்டும் கவனியுங்கள். எல்லாப் பிழையையும் துரத்தினால் வாயே திறக்காது.

வியாழன் எழுத்து. கோத்தே பி1 தேர்வில் முதல் எழுத்துப் பணி சுமார் 80 சொல்லில் நண்பருக்கு ஒரு மின்னஞ்சல்; அதற்கு 20 நிமிடம். நம் அரை மணிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ரயில் ரத்தானதால் வர முடியவில்லை என்று எழுதுங்கள். 'ஏனென்றால்' என்பதற்கான 'வைல்' போட்டதும் வினை முழுக்கக் கடைசிக்குப் போகும், பிரிந்த துண்டும் ஒட்டிக்கொள்ளும்: 'அவுஸ்ஃபெல்ட்'. வினை கடைசியில் வருவது தமிழருக்குப் பழக்கம்தான், அதனால் இந்தப் பாதி சுலபமாக வரும். அடுத்து வரும் முதன்மை வாக்கியத்தில்தான் சறுக்கும். 'வைல்' பகுதியை முன்னால் வைத்தால், காற்புள்ளிக்குப் பிறகு உடனே வினை வர வேண்டும். நாம் எழுவாயைப் போட்டுவிடுவோம்.

வெள்ளி, அந்த மின்னஞ்சலைத் திருத்தும் நாள். வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு, அவற்றின் இடம் சரியா என்று பார்த்துவிட்டு, முழுதாகத் திரும்ப எழுதுங்கள். சனிக்கிழமை ஒரு ஆளோடு பேச்சு. நேரில் யாரும் இல்லையென்றால், உங்களைப் போலவே படிக்கும் ஒருவரோடு குரல் செய்தியில் கேள்வியும் பதிலுமாக மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் பதிவு செய்தால் எதிர்க்கேள்வி வராது. பேச்சுத் தேர்விலோ எதிரே இருப்பவரோடு சேர்ந்து திட்டம் போட வேண்டியிருக்கும். இந்த நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஞாயிறு, புதிய பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பழைய அட்டைகளைப் புரட்டினால் போதும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாள் சேர்த்துச் செய்ய வேண்டாம். அந்தத் திறனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த முறை ஒன்றை மட்டும் தராது: நீண்ட நேரம் உட்காரும் பழக்கம். தேர்வில் வாசிப்புப் பகுதி மட்டுமே 65 நிமிடம். அதனால் மாதத்தில் ஒரு விடுமுறை நாளில், கோத்தே தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தாளில் ஒரு பகுதியைக் கடிகாரம் வைத்து முழுதாக எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 100-க்கு 60 வேண்டும். எதில் அதற்குக் கீழே போகிறதோ, அடுத்த மாதம் வெள்ளிக்கிழமையை அதற்குக் கொடுத்துவிடுங்கள். நான்கு பகுதிகளையும் தனித்தனியாகக்கூட எழுதலாம். எனவே பேச்சு மட்டும் பின்தங்கினால் மற்ற மூன்றை முதலில் முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.