இன்னோவாவிலிருந்து சின்ன காருக்கு: முழங்கால் வலி இருந்தால்

"பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். இன்னோவாவை விற்றுவிட்டுச் சின்ன கார் பார்க்கிறோம். ஓட்டிப் பார்த்த ஹேட்ச்பேக்கில் ஏறி இறங்க மனைவிக்கு முழங்கால் வலிக்கிறது. எதை வாங்குவது?"

வேகன்ஆர் மாதிரி கூரை உயர்ந்த சின்ன காரைப் பாருங்கள் சார்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் இருக்கை உயரம்தான், கூரை உயர்ந்த காரில் இருக்கையும் சற்று உயரமாக இருக்கும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது முழங்காலில் பாரம் அதிகமாக விழும்.

ஷோரூமுக்கு டேப் எடுத்துப் போங்கள். தரையிலிருந்து இருக்கை விளிம்பு வரை அளந்து, வீட்டில் அவர் சிரமமில்லாமல் எழும் நாற்காலியோடு ஒப்பிடுங்கள். கதவைத் திறந்து பாதத்தைத் தரையில் ஊன்றும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே நின்றால் அந்த வண்டி வேண்டாம். நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், என் அம்மாவுக்கு மூன்றாவது தடவைதான் வலி தெரிந்தது.

அப்புறம், சிஎன்ஜி என்றால் சிலிண்டர் டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.