டிக் போட்டும் தப்பான டிரேட் எடுத்தேன், அதனால் கேள்விகளை மாற்றினேன்

கேள்வி: என்கிட்ட சிஸ்டம் இருக்கு, ஆனா மார்க்கெட் ஓட ஆரம்பிச்சா அவசரப்பட்டு ஏதோ ஒண்ணை வாங்கிடறேன். என்ட்ரிக்கு முன்னாடி செக்லிஸ்ட் வெச்சா நிஜமா உதவுமா? டிக் போடறதுக்குள்ள விலை ஓடிடாதா?

உதவும். ஆனால் டிக் போடுகிற மாதிரி கேள்வி வைத்தால் உதவாது. இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன்.

என் முதல் செக்லிஸ்டில் பதினான்கு கேள்விகள். டிரெண்ட் நமக்குச் சாதகமா? வால்யூம் இருக்கா? மனசு நிதானமா இருக்கா? ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், சிஸ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எடுத்த டிரேடுகளுக்கும் பதினான்கு டிக்கும் அழகாக விழுந்திருந்தன. வாங்கணும் என்று கை பரபரக்கும்போது 'நிதானமா இருக்கியா' என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? டிக் என்பது பேனாவின் ஒரு இழுப்பு. பொய் சொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இப்போது ஆறு வரிகள்தான். எதற்கும் டிக் கிடையாது, எல்லாவற்றிலும் ஒரு பெயரோ எண்ணோ எழுதணும். என்.எஸ்.இ பங்குகளில் இன்ட்ராடே மட்டும் செய்கிறேன், 15 நிமிட சார்ட். அதற்கு ஏற்ற வரிகள் இவை: செட்டப்பின் பெயர், என்ட்ரி கொடுத்த கேண்டில் எத்தனை மணிக்கு முடிந்தது, ஸ்டாப்லாஸ் விலையும் அது எந்த நேரத்துக் கேண்டிலின் அடி என்பதும், எத்தனை பங்கு, டார்கெட் எவ்வளவு தூரம், கடைசி டிரேட் எப்போது லாபத்திலோ நஷ்டத்திலோ முடிந்தது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். அக்கவுண்டில் நாலு லட்சம். ஒரு டிரேடில் அரை சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அன்று காலை முதல் டிரேட் 10:20-க்கு ஸ்டாப் அடித்து 2,000 போனது. வாட்ச்லிஸ்டில் இன்னொரு பங்கு நல்ல ஏற்றத்தில் இருந்து 20 ஈஎம்ஏ வரை இறங்கி வந்திருந்தது. எனக்குப் பழக்கமான புல்பேக். 10:30-க்குத் தொடங்கிய கேண்டில் 834.60 வரை இறங்கித் திரும்பி, 10:45-க்குப் பச்சையாக முடிந்தது. அதன் உச்சிக்கு மேலே 842-ல் என்ட்ரி, 834-ல் ஸ்டாப், முந்தைய உச்சியான 862-ல் டார்கெட். 8 ரூபாய் ரிஸ்க், 250 பங்கு, எதிரில் 20 ரூபாய். இதைவிடச் சுத்தமான டிரேட் அந்த வாரத்தில் வரவில்லை. ஆனால் நான் போன நஷ்டத்தின் சார்ட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தவறவிட்டேன்.

11:05-க்குத் திரும்பிப் பார்த்தால் விலை 851. நீளமாக ஒரு பச்சை கேண்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வயிற்றில் வரும் உணர்வை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோட்டை இழுத்தேன்.

செட்டப்: புல்பேக். எழுதிவிட்டேன், கூச்சமே இல்லாமல். இரண்டாவது வரியில் பேனா நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் கேண்டில் 11:15-க்குத்தான் முடியும், எழுத நேரமே இல்லை. அங்கேயே மூடியிருக்கணும். மூடவில்லை, '10:45' என்று பழைய கேண்டிலை எழுதிக்கொண்டு கீழே போனேன். ஸ்டாப் வரியில் 846 என்று எழுதத் தோன்றியது. ஏன் 846? அப்படி எழுதினால் ரிஸ்க் 5 ரூபாய்தான், கணக்கு இனிப்பாக இருக்கும். 'எந்த நேரத்துக் கேண்டிலின் அடி' என்று அந்த வரியிலேயே கேட்டிருப்பது இதற்காகத்தான். 846-ல் சார்ட்டில் ஒன்றுமே இல்லை, அது என் ஆசைக்குப் போட்ட கோடு. சார்ட் தருகிற ஸ்டாப் இப்போதும் 834தான். அப்படியானால் ரிஸ்க் 17 ரூபாய், 2,000-ஐ 17-ஆல் வகுத்தால் 117 பங்கு, டார்கெட்டுக்கு மிச்சம் 11 ரூபாய்.

17-ஐப் பணயம் வைத்து 11-ஐ எடுக்கும் டிரேடில் கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 61 தடவை ஜெயிக்கணும். 842-ல் எடுத்திருந்தால் 29 தடவை போதும். விலை இவ்வளவு ஏறிவிட்டதால் ஜெயிக்கும் வாய்ப்பும் கூடியிருக்குமே என்று வாதாடலாம். கூடத்தான் கூடும். 61-ஐத் தொடும் அளவுக்குக் கூடியதா என்று சொல்ல என் ஜர்னலில் எதுவும் இல்லை. அதில் இருப்பதெல்லாம் கேண்டில் முடிந்த உடனே எடுத்த என்ட்ரிகளின் கணக்கு. பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன்.

பங்கு அன்று 862-ஐத் தொட்டது. ஆமாம், எடுத்திருந்தால் ஆயிரத்துச் சொச்சம் வந்திருக்கும். சாயங்காலம் வரை எரிச்சலாகத்தான் இருந்தது.

'டிஸ்கிரீஷனரி டிரேடர் என்றால் சொந்த முடிவுதானே, இத்தனை கட்டு எதற்கு' என்று ஒரு நண்பர் கேட்டார். என் பதில்: விடுவதற்கு எனக்கு முழு சுதந்திரம் உண்டு. ஆறு வரியும் சரியாக இருந்தும் சார்ட் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவேன், காரணம் எழுதக்கூட மாட்டேன். எந்தப் புல்பேக் அழகு, எது சொத்தை என்பதும் என் கண்ணுக்கு விட்டதுதான். எடுப்பதற்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட வேகம். கேண்டில் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் விலை ஓடத்தான் செய்யும். நான் அது முடியும் முன்னாலேயே, விலை ஈஎம்ஏ பக்கம் வரும்போதே செட்டப், ஸ்டாப், பங்கு எண்ணிக்கை எல்லாம் பென்சிலில் எழுதிவிடுவேன். கேண்டில் முடிந்ததும் நேரத்தை மட்டும் நிரப்பணும், புது அடி வந்திருந்தால் ஒரு வகுத்தல் கணக்கு. அரை நிமிடம்கூட ஆகாது. முன்கூட்டியே எழுத முடியாத டிரேட் என்றால் அது பெரும்பாலும் துரத்திப் பிடிக்கிற டிரேட்தான். ஒரு நிமிட சார்ட்டில் ஸ்கால்ப்பிங் செய்பவருக்கு இது சரிவராது, அவர்கள் தினசரி நஷ்ட வரம்பு போன்ற வேறு தடுப்பு வைக்கணும். அதேபோல, உள்ளே போன பிறகு ஸ்டாப்பைக் கீழே இழுக்கும் வியாதிக்கும் இந்த நோட்டு மருந்தில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மவுஸ் பிடிக்கும் கையாலேயே எழுதுங்கள். பேனா இருக்கும் வரை அந்தக் கை பை பட்டனுக்குப் போகாது. சிரிக்க வேண்டாம், செய்து பாருங்கள். அடுத்து, புரோக்கர் ஆப்பில் ஒரே கிளிக்கில் ஆர்டர் போகும் வசதியை அணைத்துவிட்டு, பங்கு எண்ணிக்கையில் தானாக நிரம்பியிருக்கும் எண்ணை ஒன்று என்று வையுங்கள். நோட்டில் உள்ள எண்ணைப் பார்த்து டைப் செய்தால்தான் முழு அளவில் ஆர்டர் போகும்.

ஆறாவது வரியைப் பற்றிச் சொல்லவில்லையே: கடைசி டிரேட் நஷ்டம் என்றால், முடிந்த நேரத்திலிருந்து இருபது நிமிடம் கழிந்திருக்கணும். அந்த இருபது எங்கிருந்து வந்தது? ஜர்னலில் என் மோசமான டிரேடுகளில் பாதிக்கு மேல் ஒரு நஷ்டம் முடிந்த கால் மணி நேரத்துக்குள் எடுத்தவை. உங்களுக்கு வேறு எண் வரலாம், உங்கள் பதிவைப் பார்த்து வையுங்கள்.

செக்லிஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை அடித்துவிட்ட பக்கங்களை வைத்துத்தான் பார்க்கிறேன். எனக்கு வாரத்துக்கு நாலைந்து பக்கம் குறுக்குக் கோட்டோடு இருக்கும். ஒன்றுகூட இல்லாத வாரம் வந்தால், மறுபடி பழைய பதினான்கு டிக் காலத்துக்குப் போய்விட்டேன் என்று சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் சார்ட்டோடு ஒப்பிடுவேன். தொடங்கும்போது ஆறும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஸ்டாப் எந்தக் கேண்டிலின் அடி, எத்தனை பங்கு, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள்.