பென்ஷனுக்குப் பிடிக்கும் 75 பவுண்டை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மாதச் சம்பளம் 2,400 பவுண்டு. முதல் சம்பளத்திலேயே கேட்காமல் பென்ஷனுக்கு 75.20 பிடித்துவிட்டார்கள். ஐந்து வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் "ஆப்ட் அவுட் பண்ணிடு", அதாவது திட்டத்திலிருந்து விலகிவிடு என்கிறார்கள். பண்ணலாமா?

பதில்: வாடகையோ சாப்பாடோ இடிக்காதவரை பண்ணாதீர்கள்.

கேட்காமல் பிடித்தது சட்டப்படிதான். 22 வயது முதல் அரசு பென்ஷன் வயதுக்குள் இருந்து, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவரை முதலாளி தானாகவே திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். 2012 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. குறைந்தபட்சப் பங்களிப்பு 8 சதவீதம். அதில் 3 முதலாளியுடையது, 5 உங்களுடையது. அந்த ஐந்திலும் ஒன்று வரிச் சலுகையாக வருவதால் உங்கள் கையிலிருந்து போவது 4 தான்.

பல முதலாளிகள் இந்த 8 சதவீதத்தை முழுச் சம்பளத்துக்குக் கணக்கிடுவதில்லை. ஆண்டுக்கு 6,240 முதல் 50,270 பவுண்டு வரை உள்ள பகுதிக்கு மட்டும்தான் கணக்கிடுகிறார்கள். 6,240 என்பது மாதத்துக்கு 520. உங்கள் 2,400இல் அந்த முதல் 520ஐக் கழித்தால் 1,880. அதில் 4 சதவீதம்தான் நீங்கள் பார்த்த 75.20. வரிச் சலுகை 18.80, முதலாளி பங்கு 56.40. இந்த இரண்டையும் கூட்டினால் அதுவும் 75.20. ஆக உங்கள் கணக்கில் மாதம் 150.40 சேர்கிறது. விலகினால் கைக்கு வருவது 75.20 மட்டுமே. முதலாளி பங்கு சம்பளமாக வராது, வரிச் சலுகையும் அரசோடு போய்விடும். கூட வேலை செய்பவர்கள் சொல்லாமல் விட்டது இந்தப் பாதியைத்தான்.

விலகியவர்களை முதலாளி ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதனால் மாதம் 75 பவுண்டு விஷயம் மூன்று வருட விஷயமாகிவிடுகிறது. மூன்று வருடத்தில் உங்கள் கைக்குச் சுமார் 2,700 பவுண்டு கூடுதலாக வரும், கணக்கில் சேராமல் போவதோ சுமார் 5,400. பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், உங்களுக்கு 57 வயதாகும்போது அந்த 5,400 இன்றைய மதிப்பில் 13,000ஐத் தாண்டும். இது முதலீடு, ஏறும் இறங்கும், அந்த 4 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் போட்ட அன்றே பணம் இரட்டிப்பாவது சந்தையைப் பொறுத்ததல்ல.

"திரும்பிவிடுவேனே" என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போனாலும் அந்தப் பணம் உங்கள் பெயரிலேயே முதலீட்டில் இருக்கும். ஆனால் எடுக்க முடியாது. இப்போது 55 வயது, 2028 ஏப்ரல் முதல் 57 வயது ஆனால்தான் கை வைக்கலாம். அதுவரை தொடமுடியாத பணம் என்று தெரிந்தே போடுங்கள். "முன்கூட்டியே எடுத்துத் தருகிறேன்" என்று எவராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். அப்படி எடுத்தால் 55 சதவீதம் வரை வரியாகவே போகலாம். ஊருக்குக் கிளம்பும் முன் பென்ஷன் கணக்கில் சொந்த மின்னஞ்சலையும் வாரிசு பெயரையும் பதிந்துவிடுங்கள்.

நேஷனல் இன்சூரன்ஸ் கட்டுகிறோமே, அது போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். அது அரசு பென்ஷனுக்கானது, அதில் எதுவும் கிடைக்கவே பொதுவாக 10 வருடப் பதிவு வேண்டும். ஐந்து வருடத்தில் கிளம்பினால் இங்கிருந்து முதுமைக்கு உங்களோடு வருவது இந்தக் கணக்கு மட்டுமாகவே இருக்கக்கூடும்.

அப்புறம், சம்பளச் சீட்டில் பிடித்தால் மட்டும் போதாது, கணக்கில் சேர்ந்ததா என்று ஆன்லைனில் பாருங்கள். பொதுவாகப் பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 22ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியிருக்க வேண்டும். அதேபோல, விலகச் சொல்லி முதலாளியே தூண்டுவது சட்டவிரோதம். பென்ஷன்ஸ் ரெகுலேட்டரிடம் புகார் செய்யலாம்.

இதையெல்லாம் மீறி, அதிக வட்டிக் கடனோ வாடகைப் பாக்கியோ நெருக்குகிறது என்றால் சரி, விலகுங்கள். சேர்த்ததாகக் கடிதம் வந்த நாள், உறுப்பினரான நாள், இரண்டில் பிந்தியதிலிருந்து ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்தது முழுவதும் திரும்ப வரும். அதன் பிறகு விலகினால் இனிமேல் பிடிப்பது நிற்கும், போனது உள்ளேயே இருக்கும். விலகும் படிவத்தை முதலாளியிடம் அல்ல, கடிதத்தில் உள்ள பென்ஷன் நிறுவனத்திடம் வாங்குங்கள். நெருக்கடி தீர்ந்ததும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். "மீண்டும் சேர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தால், 12 மாதத்துக்கு ஒருமுறை முதலாளி ஏற்றே ஆக வேண்டும், அவர் பங்கையும் போட்டாக வேண்டும்.