துடிப்பை வைத்து வாட்ச் போடும் நிமிடக் கணக்கு: 150 ஆகிவிட்டதா, இல்லையா?

கேள்வி: வயது 52. வாரம் நாலு நாள், நாளுக்கு 25 நிமிடம் ஏற்றத்தில் வேகமாக நடக்கிறேன். நடந்தது 100 நிமிடம்தான், வாட்ச் 200 காட்டி இலக்கு முடிந்தது என்கிறது. நம்பலாமா?

பதில்: இரட்டிப்பாக எண்ணுவதில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து. அதனால்தான் கடுமையான ஒரு நிமிடத்தை வாட்ச் இரண்டாகச் சேர்க்கிறது. உங்கள் நடை நிஜமாகவே கடுமையான வகையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓய்வில் துடிப்பு எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, நடக்கும்போது பேச முடிகிறதா?

கேள்வி: ஓய்வில் 62, ஏற்றத்தில் 128, 130. கூட வருகிறவரோடு பேசிக்கொண்டேதான் போவேன், பாடச் சொன்னால் முடியாது. போன மாதம் ஓட்டப் பயிற்சியின் கடைசியில் மார்புப் பட்டையில் 182 பார்த்தேன்.

பதில்: அந்த 182-இல்தான் விடை இருக்கிறது. நீங்கள் எதுவும் மாற்றாதவரை, பல வாட்ச்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை வைத்துக்கொள்ளும். உங்களுக்கு 168. ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் இடைவெளி 106. அதில் 40 சதவீதத்தில் மிதமானது தொடங்குகிறது, 60 சதவீதத்தில் கடுமையானது. ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டினால் எல்லைகள் 104, 126. ஆக 128 கடுமையான பக்கம் விழுந்து இரட்டிப்பாகிறது.

உச்சம் 182 என்று வைத்தால் இடைவெளி 120, எல்லைகள் 110, 134. அதே 128 இப்போது மிதமானது. வாரக் கணக்கு 200 இல்லை, 100. குறைந்தபட்ச 150-க்கு இன்னும் 50 நிமிடம் பாக்கி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்பதும் மிதமான உழைப்பின் அடையாளம்தான். கடுமையானது என்றால் நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்.

வயதை வைத்துப் போடும் உச்சம் ஒரு சராசரி மட்டுமே. ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலும் கீழும் போவது சகஜம். அமைப்பில் உச்சத்தை 182 ஆக்கிவிடுங்கள். மார்புப் பட்டையில் பார்த்தது நல்லதாயிற்று. ஓடும்போது மணிக்கட்டு சென்சார் சில நேரம் காலடித் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும், ஓட்டத்தில் அதுவும் 170, 180 பக்கம்தான் இருக்கும்.

கேள்வி: பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும். துண்டு துண்டாகச் சேர்க்கிற வாட்ச் ஏமாற்றுகிறது.

பதில்: பழைய பரிந்துரையில் அப்படித்தான் இருந்தது. 2018-இல் அமெரிக்காவும் 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் அதை எடுத்துவிட்டன. ஆனால் உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. உழைக்கத் தொடங்கியதும் துடிப்பு உடனே ஏறாது, நிறுத்தியதும் உடனே இறங்காது. இரண்டு நிமிடம் படியேறினால் முதல் நிமிடம் விடுபட்டு, மேலே போய் நிற்கும் நிமிடம் கணக்கில் ஏறலாம். 25 நிமிட நடையில் இது பெரிதாகத் தெரியாது.

இன்னொருவர் கேள்வி: நான் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். மூச்சு வாங்க நடந்தாலும் நிமிடம் ஏறவே மாட்டேன் என்கிறது. என் வாட்ச் பழுதா?

பதில்: வாட்ச் பழுது இல்லை. துடிப்பு ஏறாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. உழைப்பு நடக்கிறது, துடிப்பு மட்டும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. நீங்கள் மூச்சையும் கடிகாரத்தையும் வைத்து எண்ணுங்கள். பேச முடிகிற, பாட முடியாத நிமிடங்கள் எல்லாம் மிதமானவை. உங்களுக்கான துடிப்பு எல்லை வேண்டுமென்றால், மருந்து எடுத்த நிலையில் டிரெட்மில் சோதனை செய்து மருத்துவர்தான் சொல்ல முடியும். எண்ணுக்காக மருந்தைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: எடை தூக்கும் நாளில் நிமிடம் சொற்பம். அது வீண்தானா?

பதில்: இல்லை. வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்பது பரிந்துரையில் தனி வரி. அந்த வரியை இந்த நிமிடக் கணக்கில் தேடாதீர்கள்.

மற்றொருவர் கேள்வி: நல்ல பயிற்சி உள்ளவன் நான். விரைவாக நடந்தாலும் துடிப்பு 95 தாண்டாது, வாட்ச் பூஜ்யம் போடுகிறது. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்று பார்க்கும் மெட் கணக்கில் விரைவு நடை மிதமானதுதானே?

பதில்: ஆமாம், மெட் கணக்கில் 3-ஐத் தொட்டாலே மிதமானது, விரைவு நடை அதில் வந்துவிடும். வாட்ச் உங்கள் உடலுக்கு அது எவ்வளவு சிரமம் என்று பார்க்கிறது, மெட் அந்த வேலைக்கே எவ்வளவு சக்தி என்று பார்க்கிறது. பரிந்துரை இரண்டு அளவையுமே ஏற்கிறது, எதை முன்னால் வைப்பது என்று தீர்ப்பாகவில்லை. ஆனால் இந்த 150-க்குப் பின்னால் உள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை துடிப்பை அளக்கவில்லை. எவ்வளவு நேரம் விரைவாக நடந்தீர்கள் என்று மக்களிடமே கேட்டு எழுதியவை. அதனால் அந்த நடையை நான் 150-க்குள் சேர்ப்பேன். உடல்திறனை இன்னும் ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் வாட்ச் போட்ட பூஜ்யத்தைப் பொருட்படுத்துவேன்.